தெருப்பெயர் இல்லாத புது நகரில் லொகேஷனை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசம், விடிகாலை நாலரை மணிக்கு முகூர்த்தம். திருச்சி வயலூர் ரோட்டில் சோமரசம்பேட்டையைத் தாண்டிப் புதிதாக மனை போட்ட இடம். "லொகேஷன் அனுப்பியிருக்கேன் தம்பி, அதைப் பிடிச்சே வந்துடு" என்றார். பிடித்துத்தான் போனேன். வந்து சேர்ந்துவிட்டதாக மேப் சொன்ன இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. சீரியல் பல்பு போட்ட வீடு எதிர்க்கரையில் தெரிகிறது, கடக்கப் பாலம் இல்லை. சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் பால் காய்ச்சி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட இடங்களுக்கு நான் போகும் முறை இது.

1. வந்த லொகேஷன் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் லொகேஷனைத் தொட்டால், அனுப்புகிறவர் நிற்கும் இடத்தை அனுப்பும் வசதி இருக்கும். அதற்குக் கீழே பக்கத்துக் கடை, கோயில், பள்ளி என்று ஒரு பட்டியலும் வரும். பலர் அந்தப் பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்றைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வந்ததில் ஏதாவது பெயர் இருந்தால் அது வீடு இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்று. மனையிலேயே நின்று, மொட்டை வெளியில், துல்லியம் பத்து இருபது மீட்டருக்குள் வந்தபிறகு அனுப்பச் சொல்லுங்கள். முப்பதுக்கு நாற்பது அடி மனையின் அகலம் 9 மீட்டர்தான். ஆகவே லொகேஷன் சரியாகவே இருந்தாலும் ஒன்றிரண்டு மனை தள்ளிக் காட்டும்.

2. முதல் நாளே வாசலைத் தேடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். கூகுள் மேப் தனக்குத் தெரிந்த ரோடுகளில் எது அந்தப் புள்ளிக்கு மிக அருகில் வருகிறதோ, அதுவரைக்கும்தான் வழி சொல்லும். நடுவில் வாய்க்கால் இருக்கிறதா, காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாமல் போகலாம். வழியின் கடைசியில், நீலக்கோடு முடிந்த இடத்திலிருந்து புள்ளி வரைக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு கோடு போகும். அது நீளமாக இருந்தால் அந்த வழியில் கிளம்பாதீர்கள்.

சாட்டிலைட் காட்சிக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். நகருக்குள் நுழையும் மண் ரோடு மெயின் ரோட்டை எங்கே தொடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் புதிய புள்ளி விழும். அதைச் சேமித்து, வழி கேட்கும்போது அதையே கொடுங்கள், வீட்டை அல்ல. படம் பழையதாக இருந்து வெறும் வயலாகத் தெரிந்தால் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, "ஆர்ச் எந்தப் பக்கம், எதுக்கு எதிர்ல?" என்று கேட்பது ஒன்றே வழி. சித்தப்பா வீட்டுக்கு ஆர்ச் வாய்க்காலின் மறுபக்கம், டீக்கடைக்கு எதிரில் இருந்தது.

அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வைப்பது நல்லது. ஆனால் அதில் சாட்டிலைட் படம் சேராது. அதனால் நான் எப்போதும் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்கிறேன்.

3. ஆர்ச்சுக்குள் நுழைந்ததும் நேவிகேஷனை நிறுத்துங்கள்

உள்ளே இருக்கும் ரோடுகள் மேப்பில் ஏறியிருக்காது. நேவிகேஷன் ஓடினால் உங்கள் அம்புக்குறியைப் பக்கத்தில் உள்ள தெரிந்த ரோட்டின் மேல் இழுத்து வைத்துவிட்டுத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை மூடிவிட்டு, வீட்டு லொகேஷனை மறுபடி திறந்து, வெறும் மேப்பில் உங்களைக் காட்டும் நீலப் புள்ளியையும் வீட்டைக் காட்டும் சிவப்புக் குறியையும் மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முக்கிலும் எந்தப் பக்கம் போனால் இரண்டும் நெருங்குகிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால் வண்டியை நிறுத்தி, அது சுருங்கட்டும் என்று அரை நிமிடம் பொறுங்கள்.

4. கடைசி ஐம்பது மீட்டருக்குக் கல்

இதற்குமேல் மேப் உதவாது. மனை முனைகளில் நட்டிருக்கும் கல்லில் பெயிண்டால் எண் எழுதியிருப்பார்கள், புல்லை விலக்கினால் தெரியும். மனை எண்ணை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண் ஒரு வரிசையில் ஏறுமுகமாகப் போய், அடுத்த வரிசையில் திரும்பி வரும் நகர்களும் உண்டு. 41-க்கு எதிரில் 42 இருக்கும் என்று நம்பாமல் இரண்டு மூன்று கல்லைப் படித்து, எண் எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்த்துவிட்டு நடங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தனக்கு வந்த லொகேஷன் நகருக்குப் பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டியதாக எழுதியிருந்தார். விசாரித்தால், அனுப்பியவர் தன் பழைய வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி "தற்போதைய இடம்" என்பதை அழுத்தியிருக்கிறார். லொகேஷன் கிடைத்ததும் "இப்ப மனையில நின்னுதான் அனுப்புறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.