டைட்ரேஷன் அறிக்கை: ‘மனிதப் பிழை’ என்று எழுதுவதற்கு முன்

புதிதாக டைட்ரேஷன் செய்பவர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் என் பழைய அறிக்கையே வேறு வேறு கையெழுத்தில் திரும்பி வருவதுபோல் இருக்கும். அலகு எழுத மறப்பது, தேதி போடாமல் விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும். அதற்குப் பிறகும் தொடர்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேச வசதியாக ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். படிக ஆக்சாலிக் அமிலம் 1.576 கிராம் எடை போட்டு, 250 மி.லி. அளவுக் குடுவையில் கரைசலாக்கியாயிற்று. கணக்குப்படி அதன் செறிவு 0.05000 மோலார். அதிலிருந்து பிப்பெட்டால் 25.00 மி.லி. கூம்புக் குடுவைக்குப் போகிறது. பியூரெட்டில் செறிவு கண்டுபிடிக்க வேண்டிய சோடியம் ஹைட்ராக்சைடு, நிறங்காட்டி பினால்ஃப்தலீன். ஒரு மாணவி கொண்டுவந்த அட்டவணை இது:

| | தோராயம் | 1 | 2 | 3 |
|---|---|---|---|---|
| இறுதி அளவீடு (மி.லி.) | 25.40 | 24.60 | 49.30 | 24.70 |
| தொடக்க அளவீடு (மி.லி.) | 0.00 | 0.00 | 24.60 | 0.10 |
| செலவான கனஅளவு (மி.லி.) | 25.40 | 24.60 | 24.70 | 24.60 |

24.6 என்று எழுதுவது

24.60 என்று எழுதுங்கள். அந்தச் சுழியம் அழகுக்காக இல்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் கவனித்துப் படித்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

தோராய அளவீட்டைச் சராசரியில் சேர்ப்பது

முதல் ஓட்டம் முடிவுநிலை எங்கே வரும் என்று மோப்பம் பிடிப்பதற்கு மட்டும்தான். வேகமாகத் திறந்துவிடுவதால் அது எப்போதும் கொஞ்சம் தாண்டிவிடும். 0.10 மி.லி.க்குள் ஒத்துப்போகிற மூன்றை மட்டும் எடுத்தால் சராசரி 24.63. நான்கையும் சேர்த்தால் 24.83.

இந்த மாணவி நான்கையும் சேர்த்திருந்தாள். கேட்டதற்கு, “சேர்த்தால் விடை சரியான மதிப்புக்குக் கிட்ட வருகிறதே” என்றாள். கிட்ட வந்தது உண்மைதான். ஆனால் ஒரு தவறு இன்னொரு தவறின் கால்வாசியை மறைத்ததால் வந்த நெருக்கம் அது. மறைந்துகிடந்த அந்த இன்னொரு தவறு என்ன என்பதற்குக் கீழே வருகிறேன்.

2 என்ற எண்ணை மறப்பது

ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். விடை எதிர்பார்த்ததில் பாதியாக வந்தால், சமன்பாட்டைத்தான் முதலில் பாருங்கள்.

```
H2C2O4 + 2NaOH → Na2C2O4 + 2H2O
அமிலம்: 0.05000 × 0.02500 = 0.001250 மோல்
NaOH : 0.001250 × 2 = 0.002500 மோல்
செறிவு: 0.002500 ÷ 0.02463 = 0.1015 மோலார்
```

பிழைகளைப் பட்டியல் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவு 0.0985 மோலார் என்று முன்பே தெரியும். தோராயத்தை நீக்கிய பிறகு மாணவிக்குக் கிடைத்தது அதைவிட 3 சதவீதம் அதிகம். காரணங்கள் பகுதியில் அவள் எழுதியது: “மனிதப் பிழை, பார்வைக் கோணப் பிழை, முடிவுநிலையைத் தாண்டியிருக்கலாம், பியூரெட் முனையில் காற்றுக்குமிழி இருந்திருக்கலாம்.” நானும் ஒரு காலத்தில் வரிக்கு வரி இதையே எழுதியவன். என் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: “இதனால் விடை கூடுமா, குறையுமா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை இந்தப் பட்டியலிடம் கேட்டுப் பார்ப்போம். முடிவுநிலையைத் தாண்டினால் அதிக சோடியம் ஹைட்ராக்சைடு செலவாகும். கணக்கில் அந்தக் கனஅளவு வகுக்கும் எண்ணாக வருவதால், செறிவு குறைவாகத்தான் கிடைக்கும். முனையில் இருந்த குமிழி நடுவில் வெளியேறினாலும் அதே கதை: குடுவைக்குள் போகாத கரைசலும் செலவுக் கணக்கில் ஏறிவிடும், செறிவு குறையும். ஆனால் இவளுக்குக் கிடைத்திருப்பது அதிகம். ஆக, பட்டியலில் இரண்டு காரணங்கள் நேர் எதிர்த் திசையைக் காட்டுகின்றன. ‘மனிதப் பிழை’ எந்தத் திசையையும் காட்டவில்லை.

திசைக்கு அடுத்தது அளவு. 0.0985 கிடைக்க வேண்டுமென்றால் 25.38 மி.லி. செலவாகியிருக்க வேண்டும். செலவானது 24.63. வித்தியாசம் 0.75 மி.லி., அதாவது ஏறக்குறைய 15 துளி. பார்வைக் கோணத்தால் ஒரு அளவீட்டில் 0.05 மி.லி. பிசகலாம்; தொடக்கமும் இறுதியுமாக இரண்டு அளவீடுகளுக்கு 0.10 என்றே வைத்துக்கொண்டாலும் அது 0.4 சதவீதம்தான். சாதாரணத் தரப் பிப்பெட்டின் ±0.06 மி.லி., அளவுக் குடுவையின் ±0.30 மி.லி. இரண்டையும் சேர்த்தாலும் மொத்தம் ஒரு சதவீதத்தைத் தொடாது. கருவிகளின் தலையில் பழியைப் போட்டு 3 சதவீதத்தை விளக்க முடியாது.

மூன்றாவது துப்பு அட்டவணையிலேயே இருக்கிறது. மூன்று அளவீடுகளும் அழகாக ஒத்துப்போகின்றன. பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்து “சோதனை துல்லியமானது” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது காட்டுவது வேறு: பிழை எதுவாக இருந்தாலும், மூன்று ஓட்டங்களையும் ஒரே அளவுக்குப் பாதித்திருக்கிறது. பியூரெட்டின் மேல் மறந்து விட்ட புனலிலிருந்து கரைசல் சொட்டினால் செலவு குறைவாகத் தெரியும், திசை பொருந்தும். ஆனால் மூன்று முறையும் சொல்லிவைத்தாற்போல் 15 துளி சொட்டாது. கழுவிய நீர் பிப்பெட்டில் தங்கியிருந்தாலும் திசை பொருந்தும். ஆனால் அது முதல் ஓட்டத்தைத்தான் அதிகம் கெடுக்கும், அடுத்தடுத்த ஓட்டங்களில் தேய்ந்துவிடும்.

மூன்றுக்கும் பொதுவானது எது? அமிலக் கரைசல். அது நினைத்ததைவிட 3 சதவீதம் நீர்த்திருந்தால் எல்லாம் பொருந்துகிறது. குடுவையில் குறிக்கு மேல் நீர் ஊற்றியிருப்பாளா? அப்படியானால் 7 மி.லி.க்கு மேல் அதிகம் ஊற்றியிருக்க வேண்டும். அந்தக் குறுகிய கழுத்தில் அது கண்ணுக்குத் தப்பாது. எடையிலோ 3 சதவீதம் என்பது வெறும் 0.047 கிராம், காகிதத்தில் ஒட்டிய சில படிகங்கள். காகிதத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். “தட்டிக் கொட்டிவிட்டு எறிந்துவிட்டேன்” என்றாள். சரி, அப்புறம் என்ன!

மறுநாள் எடைக் குப்பியில் எடை போட்டு, படிகங்களைக் கொட்டிய பிறகு வெறும் குப்பியை மறுபடி எடை போட்டு, வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தாள். இந்த முறையும் கொட்டிய எடை 1.576 கிராமாகவே அமைந்தது. செலவு 25.35 மி.லி., செறிவு 0.0986 மோலார்.

பழைய அறிக்கையின் காரணங்கள் பகுதியை அவள் இப்படித் திருத்தினாள்: “கிடைத்த செறிவு 3 சதவீதம் அதிகம். மூன்று அளவீடுகளும் ஒத்திருப்பதால் பிழை அமிலக் கரைசலில் இருக்க வாய்ப்பு அதிகம். எடைக் காகிதத்தில் 0.05 கிராம் தங்கியிருந்தால் இந்த அளவும் திசையும் பொருந்தும். முடிவுநிலையைத் தாண்டுவது எதிர்த் திசையில் பாதிக்கும் என்பதால் அது காரணமாக இருக்க முடியாது.” நான்கே வாக்கியங்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பொருந்தாத அளவீட்டை அழிப்பது

அழிக்காதீர்கள். ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள், எண் கீழே தெரியட்டும்.