செய்தவர்தானா என்று காட்டும் கேள்வி

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு கெமிஸ்ட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயோடேட்டாவில் "தினமும் சி.ஓ.டி. டெஸ்ட் செய்தேன்" என்று இருக்கும். கழிவுநீரில் கரிம மாசு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சோதனை அது. சி.ஓ.டி. என்றால் என்ன என்று கேட்காதீர்கள். அதைப் படித்துவிட்டே வருவார்கள். சோதனை கெட்டுப்போகும் இடத்தைக் கேளுங்கள்: "எப்போதாவது அளக்க முடியாமல் போயிருக்கிறதா? எப்படித் தெரிந்தது?"

கையால் செய்தவர், சூடாக்கும்போதே கரைசல் பச்சையாகிவிட்டது, மாசு அதிகமாக இருந்ததால் சேர்த்த டைகுரோமேட் தீர்ந்துவிட்டது, மாதிரியை டைல்யூட் செய்து மறுபடி வைத்தேன் என்பார். அப்புறம், "எத்தனை மடங்கு? ஏன் அத்தனை?" என்று கேளுங்கள். அந்த ஆலையின் கழிவுநீர் வழக்கமாக எவ்வளவு காட்டும் என்பது பதிலில் தானாக வரும். "பச்சையானால் டைல்யூட் செய்வீர்களா?" என்று கேட்டால் விடையை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

எந்த முறையில் செய்தார் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரெடிமேட் குப்பியும் மீட்டரும் வைத்துச் செய்தவருக்கு டைட்ரேஷன் முடியும்போது வரும் செம்பழுப்பு நிறம் தெரியாமல் இருக்கலாம். அதை வைத்துப் பொய் என்று முடிவு கட்டக்கூடாது. மீட்டர் அளவைத் தாண்டியதாகக் காட்டியது என்று அவர் சொன்னாலும் சரியான பதில்தான்.