வினைல் ரெக்கார்டை நேராக ஆக்ஸில் செருகலாமா?

பழைய டர்ன்டேபிளை வாங்கி வந்ததும் பலரும் செய்வது, அதன் வயரை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸில் செருகி வால்யூமை முழுக்கத் திருப்புவதுதான். பாட்டு சன்னமாக, கீச்சென்று கேட்கும். சத்தம் குறைவு என்பது பாதிப் பிரச்சினைதான். ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சாதாரண காந்தக் காட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுக்குத்தான். அதை நூறு மடங்கு பெருக்கினால் சத்தம் சரியாகிவிடும். ஆனால் கீச்சுக்குரல் போகாது.

காரணம் தட்டிலேயே இருக்கிறது. தாழ்ந்த சுருதியை அதன் முழு பலத்தோடு வெட்டினால் தடம் பக்கவாட்டில் அகலமாக அலையும். அடுத்த தடத்தில் போய் இடிக்காமலிருக்க இடைவெளி விட வேண்டும், ஒரு பக்கத்தில் பாட்டு நேரம் சுருங்கிவிடும். உயர்ந்த சுருதியிலோ அலைவு மிகச் சின்னது, ஊசி உரசும் இரைச்சலில் அது மூழ்கிப்போகும். அதனால் வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றிவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளைக்குப் பின்னாலோ தனிப் பெட்டியாகவோ இருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சுற்று அதை அப்படியே தலைகீழாகத் திருப்புகிறது. ட்ரெபிளை இறக்கும்போது உரசல் இரைச்சலும் கூடவே இறங்குவது கூடுதல் லாபம்.

எவ்வளவு ஏற்றி இறக்குவது என்பதற்கு அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கத்தின் பெயரால் 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுதான் இன்றும் அளவுகோல். கேட்கும்போது அது நடுவிலுள்ள 1,000 ஹெர்ட்ஸை அப்படியே விட்டு, 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய ஏழு மடங்கு கூட்டுகிறது. 10,000 ஹெர்ட்ஸை ஐந்தில் ஒரு பங்காக்குகிறது. இதைத் தவிர்த்தால் மிருதங்கத்தின் தொப்பி அடங்கி, ஜால்ரா காதைக் கிழிக்கும்.

சரி, பாஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருப்பிச் சமாளிக்கலாமே என்பது அடுத்த தவறு. பெரும்பாலான குமிழ்கள் இரு ஓரங்களிலும் சுமார் மூன்று மடங்குதான் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஏழு மடங்கு கேட்கும் இடத்தில் அது போதாது, வளைவின் வடிவமும் வேறு.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இப்போது வரும் பல டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, பின்பக்கம் ஃபோனோ/லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை லைனில் விட்டபடி ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் செருகினால் திருத்தம் இரண்டு முறை நடக்கும். பாஸ் குமுறும், பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும், பெருக்கமும் இரண்டு முறை நடப்பதால் ஒலி உடைந்து கரகரக்கும். சுவிட்சை ஃபோனோவுக்கு மாற்றுங்கள். அல்லது வயரை ஆக்ஸுக்கு மாற்றுங்கள். ஒன்று போதும். பழைய பெட்டி ப்ளேயர்களின் செராமிக் காட்ரிட்ஜுக்கும் ஃபோனோ துளை வேண்டாம். அது ஊசியின் வேகத்தை அல்ல, அலைவின் அளவை மின்சாரமாக்குவதால் திருத்தம் ஏறக்குறைய தானாகவே நடந்துவிடுகிறது.

அப்புறம், 78 வேகத் தட்டுகள். பெரும்பாலானவை இந்த வளைவுக்கு முந்தியவை. கம்பெனிக்கொரு வழக்கம், பலவற்றில் ட்ரெபிளை ஏற்றியதே இல்லை. ஆர்.ஐ.ஏ.ஏ. வழியாகக் கேட்டால் இல்லாத ஏற்றத்தை இறக்கி, குரலை மங்கடித்துவிடும். அவற்றுக்கு வளைவை மாற்ற வசதியுள்ள ப்ரீஆம்ப் வேண்டும். அது இல்லாதபோது மட்டும் ட்ரெபிள் குமிழைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.