ஒரே நிறுவனம், மூன்று தளங்கள்: அசலைக் கண்டுபிடித்த விதம்

பழுதான நீர் வடிகட்டிக்குச் சேவை கேட்கத் தயாரிப்பு நிறுவனத்தைத் தேடியபோது, ஒரே சின்னமும் ஒரே படங்களும் கொண்ட மூன்று தளங்கள் வந்தன. தொலைபேசி எண் மட்டுமே தளத்துக்குத் தளம் வேறுபட்டது. உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறியை நம்பியதில் இரண்டு நாட்கள் வீணாயின, ஏனெனில் அது இணைப்பு மறையாக்கப்பட்டதை மட்டுமே காட்டும். தளம் யாருடையது என்பதைக் காட்டாது.

பிறகு, இணைய முகவரிகளின் பதிவு விவரங்களைக் காட்டும் lookup.icann.org தளத்தில் மூன்று முகவரிகளையும் இட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும், இரண்டு முகவரிகள் சில மாதங்களுக்கு முன்புதான் பதிவானவை என்று தெரிந்தது. பழைய முகவரியும் கைமாறியிருக்கலாம் என்பதால் அதோடு நிறுத்தவில்லை.

உலாவியில் Ctrl+U அழுத்தி, புதிய தளங்களின் மூல நிரலில் இந்த வரியைத் தேடினேன்:

```
<link rel="canonical" href="...">
```

ஒரு பக்கத்தின் மூல முகவரியைத் தேடுபொறிக்குச் சொல்லும் வரி இது. நகலெடுத்தவர் இதை மாற்ற மறந்திருந்ததால், இரண்டிலும் மூன்றாவது தளத்தின் முகவரியே இருந்தது. உத்தரவாத அட்டையில் அச்சாகியிருந்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து அதனுடன் பொருந்தியது. அங்கிருந்த எண்ணில் பேசியபோது வடிகட்டியின் வரிசை எண்ணைச் சரிபார்த்தார்கள். மற்ற இரண்டும், வாடிக்கையாளர் அழைப்புகளைத் திருப்பி வேறு பழுதுநீக்குவோருக்கு விற்கும் இடைத்தரகர்களுடையவை என்றும் அவர்களே விளக்கினார்கள்.