நன்கொடையாளர்களுக்குப் பண்டிகை நன்றிக் கடிதம்: எண்ணிக்கையில் வரும் தவறுகள்

பண்டிகை நெருங்கும்போது அவசரமாக எழுதப்படும் நன்றிக் கடிதத்தில் அன்பு குறைவதில்லை, கணக்குதான் தடுமாறுகிறது. ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தை எடுத்துக்கொள்வோம். "உங்கள் உதவியால் 240 பிள்ளைகளின் வாழ்க்கை மாறியது" என்று கடிதம் தயாராகிறது.

சரி, அந்த 240 எங்கிருந்து வந்தது? வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் இரண்டு பருவம், பருவத்துக்கு 120 பெயர். இரண்டையும் கூட்டிவிட்டார்கள். 70 பிள்ளைகள் இரண்டு பருவத்திலும் இருப்பதால் உண்மையில் வந்தவர்கள் 170 பேர். அவர்களில் பாதி நாட்களுக்கு மேல் வந்தவர்கள் 110. சேர்க்கையை மட்டும் எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பெயர் கொடுத்த பிள்ளையும் படித்த பிள்ளையும் ஒன்றல்ல.

அடுத்தது "வாழ்க்கை மாறியது". மையம் சோதித்துப் பார்த்தது வாசிப்பை மட்டும்தான். அந்த 110 பேரில் 62 பேர் தொடக்கத்தில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கவில்லை, ஆண்டு முடிவில் வாசித்தார்கள். சொல்ல முடிந்தது அவ்வளவே. அவர்கள் பகலில் பள்ளிக்கும் போகிறவர்கள், ஆகவே முழுப் பெருமையையும் மையம் எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவில் ஒரு பகுதியை வேறு நிதி ஏற்றிருந்தால் "உங்களால்" என்பதும் பொருந்தாது, "உங்கள் பங்கும் சேர்ந்து" என்பதே சரி.

நடக்காததை மறைப்பது இன்னொரு தவறு. நூலகத்துக்கென்று சிலர் பணம் கொடுத்து, இடம் கிடைக்காமல் அது நின்றுபோயிருக்கலாம். அதைக் கடிதத்தின் நடுவிலேயே சொல்லுங்கள்: பணம் செலவாகாமல் இருக்கிறது, இடம் தேடுகிறோம் என்று. அப்புறம் அந்தச் சிலருக்குத் தனியாக எழுதி, இடம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சம்மதமா, பணத்தை வேறு வேலைக்குச் செலவிடச் சம்மதமா என்று கேட்க வேண்டும். குறிப்பிட்ட காரியத்துக்கு வந்த பணத்தை அவர்களைக் கேட்காமல் வேறு காரியத்துக்குத் திருப்பிவிடக் கூடாது.

நன்றி சொன்ன கையோடு வங்கிக் கணக்கு எண்ணை அடியில் போடாதீர்கள். அடுத்த வேண்டுகோளுக்குச் சில வாரம் கழித்துத் தனிக் கடிதம் எழுதலாம். பிள்ளைகளின் படம் வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் படமே வேண்டாம்.

திருத்திய பின் அந்த வரி இப்படி வரும்: "இந்த ஆண்டு 170 பிள்ளைகள் மையத்துக்கு வந்தார்கள். 110 பேர் தொடர்ந்து வந்தார்கள். முன்பு தடுமாறிய 62 பேர் இப்போது ஒரு பத்தியைத் தாங்களே வாசிக்கிறார்கள். இதில் உங்கள் பங்கும் இருக்கிறது, மனமார்ந்த நன்றி." 240 என்பதைவிடச் சின்ன எண்தான். ஆனால் நன்கொடையாளர் நேரில் வந்து பதிவேட்டைக் கேட்டால் தயங்காமல் எடுத்துக் காட்டலாம். அனுப்பும் முன் கடிதத்தை, பதிவேட்டை எழுதும் ஆசிரியரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள், தவறு இருந்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும்.