பேச்சுத்தமிழ் உரையில் ‘வந்தா’ செய்த குழப்பம்

பேச்சுத்தமிழில் நான் எழுதிய பின்னணிக் குரல் உரையை வாசித்தவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கினார். காதில் விழுவதை அப்படியே எழுத்தாக்கியதுதான் கோளாறு. பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ மூக்கொலியாகிவிடும். அதனால் ‘வந்தா’ என்று எழுதியிருந்தேன். ஆனால் ‘வந்தாள்’, ‘வந்தால்’ இரண்டுமே பேச்சில் ‘வந்தா’தானே!

இப்போது கடைசி ‘ம்’, ‘ன்’ எழுத்துகளில் கை வைப்பதில்லை. ‘மரம்’, ‘வந்தான்’ என்றே எழுதுகிறேன். மூக்கொலியை வாய் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. மற்றபடி ‘தண்ணீரைச் சேமிக்க வேண்டும்’ என்பது ‘தண்ணிய சேமிக்கணும்’ ஆகும். பேச்சுத்தமிழுக்கு மாற்றினால் வாக்கியம் முழுக்க மாற்ற வேண்டும். ‘அவர்கள் வந்தாங்க’ என்று பாதியில் விட்டால் காது உடனே பிடித்துவிடும். செய்தி வாசிப்பு என்றால் எழுத்துத்தமிழேதான். அங்கே ‘சேமிக்கணும்’ எடுபடாது.