ஜேபெக் படத்தைத் தரம் குறையாமல் திருப்பவும் வெட்டவும்: எங்கே தவறுகிறோம்?

பாட்டி வீட்டுக் கணக்கு எழுதி வைத்த பழைய நோட்டுகளைப் போன வருடம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். எல்லாம் பென்சில் எழுத்து, ஏற்கெனவே பாதி மங்கியது. எடுத்த படங்களைச் சாதாரண எடிட்டரில் திறந்து நேராகத் திருப்பி சேமித்தேன். மறுநாள் ஓரங்களை வெட்டி மறுபடி சேமித்தேன். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ‘ற’வின் சுழிக்குள் இருந்த வெள்ளை இடம் அழுக்கேறிப் போயிருந்தது. அசல் கோப்பில் அவ்வளவு அழுக்கு இல்லை.

காரணம், ஜேபெக் படத்தைப் புள்ளிப் புள்ளியாக வைத்துக்கொள்வதில்லை. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றி, அந்த எண்களை முரட்டுத்தனமாக முழுமைப்படுத்திச் சேமிக்கிறது. தரம் போவது இந்த முழுமைப்படுத்தலில்தான். எடிட்டர் படத்தை விரித்து, திருப்பி, மறுபடி முதலிலிருந்து சுருக்கும்போது அது இன்னொரு முறை நடக்கிறது. வெட்டிச் சேமிப்பது இன்னும் மோசம். இடப்பக்கம் 5 பிக்சல் வெட்டினால் புதிய கட்டங்களின் கோடு பழைய கட்டங்களுக்கு நடுவே விழும். பழைய சேதத்தையே படத்தின் விவரம் என்று நினைத்து அதன்மேல் புதிய சேதம் ஏறும். தரத்தை 100 என்று வைத்துச் சேமித்தாலும் இது முழுதாகத் தப்பாது. கோப்பு பெரிதாகும், முழுமைப்படுத்தல் மட்டும் நிற்காது.

சரி, வழி என்ன? கட்டங்களை விரிக்காமலே இடம் மாற்றலாம். ஒரு கட்டத்தின் 64 எண்களை வரிசை மாற்றி, சிலவற்றின் கூட்டல் கழித்தல் குறியைப் புரட்டினால் அந்தக் கட்டம் 90 பாகை திரும்பிவிடும். எந்த எண்ணும் மறுபடி முழுமைப்படுத்தப்படுவதில்லை. jpegtran என்ற சிறிய இலவச நிரல் செய்வது இதைத்தான். ஆனால் அதைக் கையில் எடுத்தவுடன் வேறு விதமான தவறுகள் வரும். நான் செய்தவை எல்லாம் அந்தக் கட்டக் கணக்கை மறந்ததால் வந்தவை.

என் படங்கள் 4000×3000. கேமராக்கள் பெரும்பாலும் நிறத் தகவலைப் பாதி அளவில் வைத்துக்கொள்வதால், 8×8 கட்டங்கள் தனித்தனியாக நகர முடியாது. 16×16 பிக்சல் கொண்ட தொகுதியாகத்தான் நகரும். 4000ஐ 16ஆல் வகுத்தால் சரியாக 250. 3000ஐ வகுத்தால் 187 தொகுதி போக 8 பிக்சல் மீதி. அந்த மீதிதான் சிக்கல். வலப்பக்கமாக 90 பாகை திருப்பும்போது, கீழ் ஓரத்தில் உள்ள அந்த 8 பிக்சல் பட்டை இடது ஓரத்துக்குப் போக வேண்டும். அரைத் தொகுதியை ஓரத்தின் தொடக்கத்தில் வைக்க ஜேபெக்கில் வழி இல்லை. எனவே jpegtran அதை வலது ஓரத்திலேயே விட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் தராமல். திருப்பிய பக்கத்தின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, படத்தோடு ஒட்டாத மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அது இதுதான். சிறிதாக்கிப் பார்த்தால் கண்ணில் படாது. நான் அறுபது பக்கத்துக்கு மேல் திருப்பிய பிறகுதான் கவனித்தேன்.

அதனால் திருப்பும்போது -perfect என்பதை விடவே கூடாது:

```
jpegtran -copy all -perfect -rotate 90 -outfile b.jpg a.jpg
```

சரியாகத் திருப்ப முடியாது என்றால் transformation is not perfect என்று சொல்லி நின்றுவிடும். நின்றால், -perfect இருந்த இடத்தில் -trim போடலாம். அந்த 8 பிக்சல் பட்டை போய்விடும், மீதி எல்லாம் அப்படியே இருக்கும். நோட்டுப் பக்கத்தின் ஓரத்தில் மேசைதான் தெரிகிறது என்றால் அதில் நஷ்டம் இல்லை. இதே படத்தை இடப்பக்கமாக, அதாவது -rotate 270 என்று திருப்பினால் அகலம்தான் கணக்கு. 4000 சரியாக வகுபடுவதால் எதுவும் போகாது.

அந்தக் கட்டளையில் உள்ள -copy all எதற்கு? அது இல்லாவிட்டால் எடுத்த தேதி, கேமரா விவரம், நிற விவரக்குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். ஆனால் அதைப் போட்டால் கேமரா எழுதிய திசைக்குறிப்பும் கூடவே வரும். ‘இந்தப் படத்தை 90 பாகை திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு உள்ளே இருக்க, நாமும் 90 பாகை திருப்பிவிட்டால், பார்க்கும்போது படம் தலைகீழாக நிற்கும். எனவே திருப்பியதும் exiftool என்ற இன்னொரு இலவச நிரலால் அந்தக் குறிப்பை மாற்ற வேண்டும்:

```
exiftool -n -Orientation=1 b.jpg
```

மேசையில் கிடக்கும் தாளை மேலிருந்து எடுக்கும்போது போனுக்கு எது மேல் எது கீழ் என்று தெரியாது, குறிப்பை அடிக்கடி தப்பாக எழுதிவிடும். பல நேரங்களில் இந்தக் குறிப்பைத் திருத்தினாலே போதும், படத்தைத் தொடவே வேண்டியதில்லை.

வெட்டுவதிலும் அதே 16தான். இடது ஓரத்திலிருந்து 1210, மேலிருந்து 845 என்ற புள்ளியில் தொடங்கி 1800×1200 அளவு வேண்டும் என்று கேட்டேன்:

```
jpegtran -copy all -crop 1800x1200+1210+845 -outfile c.jpg a.jpg
```

வந்தது 1810×1213. தொடக்கப் புள்ளி தொகுதியின் எல்லையில்தான் இருக்க முடியும் என்பதால், 1210 பின்வாங்கி 1200 ஆகிறது, 845 பின்வாங்கி 832 ஆகிறது. கீழ் வலது மூலை நாம் கேட்ட இடத்திலேயே நிற்கும். நீங்கள் வெட்டி எறிய நினைத்த மேல் வரியின் அடிப்பகுதி ஒட்டிக்கொண்டு வருவது இப்படித்தான். அது வரவே கூடாது என்றால் அடுத்த மடங்குகளான 1216, 848 என்று தொடங்குங்கள். திசைக்குறிப்பு உள்ள படத்தில் இந்த எண்கள் திரையில் தெரியும் படத்துக்கு அல்ல, உள்ளே கிடக்கும் படத்துக்கு. அதனால் முதலில் திருப்பி, குறிப்பை மாற்றி, பிறகு வெட்டுவதே நல்லது. 1213 என்ற உயரத்தோடு வெட்டிய படத்தைப் பின்னால் வலப்பக்கம் திருப்பப் போனால் பழைய பட்டைச் சிக்கல் திரும்ப வரும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். கேமரா பெரும்பாலும் ஒரு சின்ன முன்னோட்டப் படத்தையும் கோப்புக்குள் வைக்கும். -copy all அதையும் வெட்டாமல் அப்படியே கொண்டுவரும். ஒருவரின் முகத்தையோ முகவரியையோ நீக்கத்தான் வெட்டினீர்கள் என்றால், நீக்கிய பகுதி அந்தச் சின்னப் படத்தில் இன்னும் இருக்கலாம். யாருக்காவது அனுப்பும் முன் எடுத்துவிடுங்கள்:

```
exiftool -ThumbnailImage= c.jpg
```

லேசாகச் சாய்ந்த பக்கத்தை 2 பாகை நிமிர்த்துவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் இந்த முறையில் முடியாது. அவற்றுக்கு அசலிலிருந்து ஒரே முறை எடிட்டரில் செய்து, ஒரே முறை சேமியுங்கள், அசலைத் தனியாக வைத்துக்கொண்டு.

நிஜமாகவே எதுவும் போகவில்லையா என்று சோதிக்க, -perfect போட்டுத் திருப்பிய படத்தை அதே முறையில் எதிர்ப்பக்கம் திருப்பி d.jpg என்று வைத்து, அசலையும் அதையும் djpeg நிரலால் விரித்து, md5sum தரும் அடையாள எண்களை ஒப்பிடலாம்:

```
djpeg a.jpg | md5sum
djpeg d.jpg | md5sum
```

இரண்டு வரியிலும் ஒரே எண் வந்தால் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. எடிட்டரில் திருப்பிச் சேமித்துவிட்டு அதே சோதனையைச் செய்தபோது எனக்கு ஒருமுறைகூட ஒரே எண் வரவில்லை.